நடுவில் ஒரு டக்

அப்பா போனை வைக்கவே மாட்டார். அதுதான் முதல் சிக்கல்.

பேசி முடித்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை. பேச்சு முடிந்ததும் போனை மாவு மில்லின் மரத்தொட்டி விளிம்பில் அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு வரும் வாடிக்கையாளர்கள், அவர்களுடைய மூட்டைகள், நைசாக வேண்டுமா கொரகொரப்பாக வேண்டுமா என்ற விசாரணைகள், யாரோ ஒருவரின் தும்மல் எல்லாம் இந்த முனையில் ஹாஸ்டல் அறையில் படுத்திருக்கும் மகனின் போனில் போய்ச் சேரும். மகனும் வைக்கமாட்டான். வைத்தால், அப்பா திரும்பி வந்து போனை எடுத்து "அப்புறம்டா" என்று பேச்சைத் தொடரும்போது ஆள் இல்லாமல் போய்விடும். அப்படி ஒரு முறை நடந்தது. வெறும் போனிடம் வெகுநேரம் பேசியிருக்கிறார், மனிதர்.

இன்று காலை வந்த அழைப்பும் அப்படித்தான் ஒரு மணி நேரத்தைத் தாண்டி நீண்டது. அவன் போன் எல்லா அழைப்புகளையும் தானாகவே பதிவு செய்யும். வாங்கிய அன்று யாரோ அமைத்துக் கொடுத்தது, அவன் மாற்றவில்லை. அந்தப் பதிவுக்குள் எங்கோ, மூட்டைகளுக்கும் தும்மல்களுக்கும் நடுவே, அப்பா அக்காவுக்குச் சொன்ன சேதி இருக்கிறது. அதை மட்டும் வெட்டி எடுத்து, சாயந்திரத்துக்குள் அக்காவுக்கு அனுப்ப வேண்டும். சாயந்திரம் மெஷினை வாங்க ஒருவர் வருகிறார்.

"அப்பாவையே அனுப்பச் சொல்ல வேண்டியதுதானே. மைக் பொத்தானை அழுத்திப் பிடிச்சா முடிஞ்சுது" என்றான் பல்லி. அறையில் உடன் இருப்பவன். வைஃபை கிடைக்கும் ஒரே மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கிடப்பதால் அந்தப் பெயர்.

"அவருது பட்டன் போன்டா. டச் போன் மூணு வாங்கிக் கொடுத்தாச்சு. மாவு போய் சார்ஜ் போடற ஓட்டை அடைச்சுக்கும். ஸ்பீக்கர் ஊமையாயிடும். கடைசி போனைத் தட்டினப்ப அதுலேர்ந்து ஒரு கைப்பிடி மாவு விழுந்துச்சு."

"அப்ப உங்க அக்காவுக்கு நேரா போன் பண்ணிப் பேசலாமே."

அவன் லேப்டாப்பைத் திறந்தான்.

ஹாஸ்டலில் அவன் பெயர் கத்திரி. கல்லூரி ஆண்டு விழாவில் முதல்வரின் நீண்ட உரையை, யாருக்கும் சந்தேகம் வராதபடி கால்வாசியாகக் குறைத்துக் கொடுத்ததில் வந்த பெயர். முதல்வரே கேட்டுவிட்டு, "இவ்வளவு கச்சிதமாகவா பேசினேன்" என்று சந்தோஷப்பட்டார். அதிலிருந்து விழா, போட்டி, வழியனுப்பு எதுவானாலும் ஒலிப்பதிவைக் கத்திரியிடம் கொடுத்துவிடுவார்கள். வெட்டிய இடம் தெரியாமல் வெட்டுவது அவனுடைய பெருமை. மாவு படாத வேலை அது என்பதும் அந்தப் பெருமையில் ஒரு பங்கு.

முதலில் பதிவை நகல் எடுத்தான். அசலைத் தொடக்கூடாது, எந்த வெட்டும் நகலில்தான். போனிலேயே வெட்டலாம், ஆனால் போனில் இரண்டு கைப்பிடிகளை விரலால் இழுத்து முன்னும் பின்னும் நறுக்கத்தான் முடியும், அதுவும் பாதி நேரம் பழைய கோப்பின் மேலேயே சேமித்துத் தொலைக்கும். லேப்டாப்பில் ஒலி கோடாக விரிந்தது. ஒரு மணி நேரப் பேச்சைத் திரையின் அகலத்துக்குள் அடக்கினால் அது பேச்சு மாதிரி இருக்காது, மழையில் நனைந்த கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும். பருத்த இடம் பேச்சு, மெலிந்த இடம் பேச்சில்லாதது. அப்பா போனைத் தொட்டியில் வைத்துவிட்டுப் போன இடங்கள் மெலிந்து கிடந்தன. அவற்றை எல்லாம் தாண்டினான். சேதிக்குச் சற்று முன்னால் அப்பா தொண்டையைச் செருமியது ஞாபகம் இருந்தது. அவர் செருமினால் போன் வாயே வெடிப்பது போலிருக்கும். கம்பளிப்பூச்சியின் முதுகில் முள் போல நிமிர்ந்திருந்த ஒரு மேட்டைத் தேடிக் கண்டுபிடித்தான். அதன் மேல் பெரிதாக்கிக்கொண்டே போனான். பூச்சி விரிந்து வேலியாயிற்று, வேலி விரிந்து அலையாயிற்று. ஹெட்போனை மாட்டி ஓடவிட்டான்.

செருமல். பிறகு, "இது பதிவாகுதில்ல? ரெண்டாவது தடவை எல்லாம் என்னால சொல்ல முடியாது."

"ஆகுதுப்பா, சொல்லுங்க." இது அவன் குரல்.

"பாப்பா. அப்பா பேசறேன்." நீண்ட இடைவெளி. பின்னால் மில் ஓடுகிறது. சீரான இரைச்சலைப் போன்கள் தாமாகவே பெரும்பாலும் அமுக்கிவிடும். அமுங்காமல் தப்பி வந்தது ஒன்றே ஒன்று, டக், டக், டக் என்று பெல்ட்டின் இணைப்பு சக்கரத்தில் தட்டும் சத்தம். அது அவனுக்குக் கேட்கவில்லை என்றே சொல்லலாம். தொட்டிலில் இருந்தே கேட்ட சத்தம், காது அதைச் சத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. "மெஷினைக் கேட்டு ஒருத்தர் வந்தாரு. சாயந்திரம் வந்து ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கறேன்னிருக்காரு. நீ வந்து எடுத்து நடத்தறதா இருந்தா, அவரை வர வேணாம்னு சொல்லிடறேன்."

இங்கேதான் அது வந்தது. அவன் கையை நிறுத்தினான். பிறகு வேறு வழியில்லாமல் மறுபடி ஓடவிட்டான்.

"அவ எங்கப்பா வரப்போறா. அங்க ஏசியில உக்காந்து பட்டனைத் தட்டிட்டிருக்கா. வித்துத் தலைமுழுகுங்க." அவன் குரல். கடைசியில் ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பு முடிவதற்குள், அதன் மேலேயே, அப்பா: "நீ சும்மா இருடா. அது அவ கை வச்ச மெஷின். உனக்குத்தான்னு அன்னிக்கு நான் சொன்னது தப்பு. தப்புதான்." பிறகு சற்று நேரம் டக், டக். "சரி பாப்பா. உடம்பைப் பாத்துக்க. சாப்ட்டியா."

அவ்வளவுதான் சேதி. ஒரு நிமிடம் கூட இல்லை.

அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப்பையை வைக்குமுன் மில்லுக்குள் போய்விடுவாள். கல்லைக் கொத்துவது, பெல்ட்டுக்கு மெழுகு தேய்ப்பது, தானியத்தை உள்ளங்கையில் வைத்து ஈரம் பார்ப்பது எல்லாம் அவளுக்குக் கைவந்தது. அவன் அந்தப் பக்கம் போனாலே தும்முவான். ஆனாலும், ஒரு நாள் யாரோ கேட்டபோது அப்பா சொன்னார்: "மில்லு பையனுக்குத்தான். பொண்ணு போற இடத்துல என்ன இருக்கோ அது அவளுக்கு." அக்கா அப்போது பெல்ட்டின் அறுந்த முனைகளைச் சேர்த்துக் கொக்கிப்பட்டை அடித்துக்கொண்டிருந்தாள். அடித்து முடித்தாள். ஓட்டிப் பார்த்தாள். கையைக் கழுவினாள். அடுத்த மாதமே வேறு ஊரில் பிஸ்கட் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்துவிட்டாள். அப்பா போன் செய்தால் எடுப்பதில்லை. தம்பி போன் செய்தால் எடுப்பாள். எடுத்து, மெதுவாக, மற்றதெல்லாம் பேசி முடித்த பிறகு, "அப்பா ஏதாவது சொன்னாரா" என்பாள்.

"உனக்காகத்தான் அவர்கிட்டப் பேசிட்டே இருக்கேன்கா" என்பான் அவன். ஒவ்வொரு முறையும்.

உனக்காகப் பேசிய லட்சணம் இப்போது திரையில் அலையலையாக நின்றது.

அவன் வேண்டுமென்று சொன்னதல்ல. அப்பாவின் குரல் அப்படி இறங்கியதைக் கேட்க ஒரு மாதிரி இருந்தது. கனத்தை எடுக்க ஒரு நக்கல் அடித்தான், அவ்வளவுதான். ஆனால் அக்கா கேட்டால் அவளுக்கு இதுவெல்லாம் தெரியப்போவதில்லை. "வித்துத் தலைமுழுகுங்க" மட்டும்தான் தெரியும்.

"உன் குரலை மட்டும் எடுத்துடு. அவ்வளவு பெரிய பிரின்ஸிபாலையே சுருக்கின ஆளாச்சே நீ" என்றான் பல்லி. ஒரு காதில் ஹெட்போனின் மறுபக்கத்தை வாங்கிக் கேட்டிருந்தான்.

"எடுக்க முடியாதுடா. பாரு." அவன் அலையைக் காட்டினான். "ரெண்டு பேரு குரலும் ஒரே தடத்துல இருக்கு. எனக்கு ஒரு தடம், அவருக்கு ஒரு தடம்னு தனித்தனியா பதிவாகியிருந்தா என்னுதை அணைச்சிட்டுப் போயிடலாம். இது ஒரே வாளியில ரெண்டு சாயத் துணியை ஊற வச்ச மாதிரி. நான் சிரிக்கறப்பவே அவர் பேச ஆரம்பிச்சிட்டாரு. என்னை வெட்டினா அவர் நாக்கும் சேர்ந்து போகும்."

"எந்த வார்த்தையில அவர் தனியா வர்றாரு?"

கேட்டுப் பார்த்தார்கள். சிரிப்பு 'அவ கை வச்ச மெஷின்' வரை ஓடியது. அதற்குப் பிறகு அப்பா தனியாகத்தான் பேசினார். 'உனக்குத்தான்னு அன்னிக்கு நான் சொன்னது தப்பு' என்பது சுத்தமாகவே இருந்தது. அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'எடுத்து நடத்தறதா இருந்தா' என்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தவர், அடுத்த வாக்கியத்திலேயே 'உனக்குத்தான்' என்று யாரிடம் பேசுகிறார்? நடுவில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அக்கா கேட்பாள். நீ என்னடா சொன்னே என்று கேட்பாள்.

"பின்னால இருக்கற சத்தத்தைக் குறைச்சுட்டாவது, இவர் குரலை எடுப்பா ஆக்கிப் பாரேன்."

அதையும் பார்த்தான். யாரும் பேசாத ஓர் இடத்தைத் தேர்ந்து, 'இதுதான் இரைச்சல், இதைப் போல இருப்பதை எல்லாம் நீக்கு' என்று மென்பொருளுக்குக் காட்டினான். அது நீக்கியது. அப்பா குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல ஆனார். ச, ஸ எழுத்துகள் எல்லாம் காணாமல் போய், 'பாப்பா' மட்டும் தண்ணீருக்கடியில் இருந்து குமிழி விட்டது. பல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கத்திரி பழையபடி திருப்பினான். மில் சத்தம் இருக்கட்டும். மில் இல்லாத அப்பாவை அக்காவுக்கு அடையாளம் தெரியாது.

கடைசியில் அவன் செய்தது இதுதான். 'சொல்லிடறேன்' என்பதன் வாலில் இருந்து, 'சரி பாப்பா' என்பதற்கு முன்னால் அப்பா மூச்சிழுக்கும் இடம் வரை மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தான். மூச்சை வெட்டவில்லை. மூச்சு இல்லாமல் தொடங்கும் பேச்சு இயந்திரம் பேசுவது போலிருக்கும், அது ஆரம்பப் பாடம். அலை மேலும் கீழும் போய் நடுக்கோட்டைத் தொடும் புள்ளியாகப் பார்த்து இரண்டு முனைகளையும் நகர்த்தினான். கோட்டுக்கு மேலே ஒரு முனையும் கீழே ஒரு முனையுமாக ஒட்டினால் அங்கே 'டிக்' என்று ஒரு முள் குத்தும். பிறகு அழித்தான். இடைவெளி மூடிக்கொண்டது. ஒட்டிய இடத்தில் ஒன்று தேய்ந்து மற்றது எழும்படி கண்ணிமைக்கும் நேரத்துக்கு இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று படியவிட்டான். தொடக்கத்தில் 'பாப்பா'வுக்கு முன்பும் முடிவில் 'சாப்ட்டியா'வுக்குப் பின்பும் கொஞ்சம் மில் சத்தத்தை விட்டு, ஓரங்களை மெல்ல மங்கவைத்தான்.

கண்ணை மூடிக் கேட்டான். "...அவரை வர வேணாம்னு சொல்லிடறேன். சரி பாப்பா. உடம்பைப் பாத்துக்க. சாப்ட்டியா."

வெட்டிய இடமே தெரியவில்லை. பல்லி கட்டைவிரலை உயர்த்தினான். "இவர் தப்புன்னு சொன்னது போயிடுச்சே" என்று மட்டும் கேட்டான்.

"அதான் வரச் சொல்றாரில்ல. அதுக்குள்ளயே எல்லாம் இருக்கு" என்றான் கத்திரி, தன் குரலே தனக்குப் பிடிக்காமல். அனுப்பினான்.

இரண்டு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நீலமானது. அக்காவுக்கு அது சாப்பாட்டு இடைவேளை. பதில் வரவில்லை. அவன் குளிக்கப் போனான். ஹாஸ்டல் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. திரும்பி வரும்போது போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பு வரை நகர்ந்திருந்தது. பல்லி அதைப் பிடித்து நீட்டினான்.

"உங்க அக்கா. மூணாவது தடவை."

எடுத்தான். ஹலோ கூட இல்லை.

"டேய், அப்பா போன் எடுக்கமாட்டேங்கறாரு. மில்லுக்குப் பக்கத்து சைக்கிள் கடைக்காரர் நம்பர் இருக்கா உங்கிட்ட?"

அக்கா அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள். அந்த ஒரு செய்தியே அவன் காதுக்குள் போய் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது. "இருக்கு. ஏன்கா, என்ன ஆச்சு?"

"பெல்ட் போச்சுடா. நீ அனுப்பினதுல கேட்டேன். கேன்டீன் இரைச்சல்ல சந்தேகமா இருந்துச்சு, வெளிய வந்து நாலஞ்சு தடவை கேட்டுட்டேன். அந்த பெல்ட்டுல ஜாயிண்ட் ஒண்ணுதான், நான் அடிச்சது. சுத்துக்கு ஒரு டக்தான் வரணும். கடைசியில நடுவுல ஒரு டக் எக்ஸ்ட்ராவா விழுது. வேற எங்கயோ விரிசல் விட்டு, பிரிஞ்ச அந்த நாக்கு புல்லிச் சக்கரத்துல அடிக்குதுன்னு அர்த்தம்."

"ஒரு தடவைதானேக்கா கேட்டிருக்கும்..."

"ஆரம்பத்துல அப்படித்தான் எப்பவாவது அடிக்கும். அப்புறம் ஒரே கிழியா கிழிஞ்சு சாட்டை மாதிரி வரும். அவர் நிக்கறது கரெக்டா அந்தப் பக்கம். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அந்தப் பக்கம் நிக்காதீங்கன்னு. நம்பரைச் சொல்லுடா."

சொன்னான். வைத்துவிட்டாள்.

அவன் ஈரத்தலையோடு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தான். வெட்டிய கோப்பைத் திறந்து, இந்த முறை அப்பாவின் குரலை விட்டுவிட்டு, குரலுக்கு அடியில் பார்த்தான். அவன் ஒருபோதும் பார்க்காத இடம் அது. சீராக, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் சின்னச் சின்ன முட்கள். வயலோரம் நட்ட கம்பங்கள் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. 'சொல்லிடறேன்' தாண்டியதும், அவன் ஒட்டிய அந்தக் கண்ணுக்குத் தெரியாத தையலின் இருபுறமும், இரண்டு கம்பங்கள் தோளோடு தோள் உரசி நின்றன. பிறகு மறுபடியும் ஒழுங்கான தூரம்.

குரலை ஒட்டினான், மூச்சை ஒட்டினான், கோட்டோடு கோடு ஒட்டினான். பெல்ட் எத்தனை சுற்றில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. வெட்டிய நீளம் முழுச் சுற்றுகளாக இல்லாமல் ஒரு சுற்றின் நடுவில் முடிந்திருந்தது. ஒரு டக் விழுந்த கையோடு, சுற்று முடியுமுன்பே, அடுத்த டக்கை அவனே அடித்திருக்கிறான். முதல்வர் மேடையில் பேசும்போது பின்னால் மில் ஓடுவதில்லை.

"டேய், பல்லி. பெல்ட் இல்லடா. நான்."

பல்லி வந்து பார்த்தான். அவனுக்குப் புரியவைக்க இரண்டு முறை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. "இதைப் போய்க் கண்டுபிடிச்சாங்களா" என்றான். 

கத்திரி அக்காவை அழைத்தான். பிஸி. அப்பாவை அழைத்தான். பிஸி. சைக்கிள் கடைக்காரருக்கு அடித்தான், அவர் எடுத்தார். "சொல்லிட்டேன்பா, ஓடிப்போய்ச் சொல்லிட்டேன். அப்பவே உங்கப்பா போனும் அடிச்சுது. உள்ள பேசிட்டிருக்காரு."

"யார்கிட்ட?"

"அது எனக்கெப்படித் தெரியும். போனைக் காதுல வச்சுக்கிட்டு சும்மாவே நிக்கறாரு. மெஷினை நிறுத்திட்டாரு."

மறுபடி அக்காவுக்கு அடித்தான். பிஸி. அப்பாவுக்கு. பிஸி. மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருந்தான். இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் பிஸியாக இருப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவனுக்கு உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்தான். தலையில் இருந்து தண்ணீர் முழங்காலில் சொட்டியது.

"விட்டுடு" என்றான் பல்லி, மெதுவாக. "பேசிக்கறாங்க இல்ல? பெல்ட்டைப் பாக்க அவங்களே வந்தாலும் வருவாங்க. வந்தப்புறம் பெல்ட் நல்லா இருந்தா என்ன, நல்லதுதானே. நீ வாயைத் திறக்காம இருந்தா ஒரு குடும்பம் உருப்படும்."

நல்ல யோசனைதான். முதல்வரின் உரையைக் குறைத்தபோது இருந்த அதே சுத்தம் இதிலும் இருந்தது, யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அவள் இப்போது கம்பெனி வாசலில் எங்கோ போனோடு நின்றுகொண்டிருப்பாள். சாட்டை மாதிரி வரும் என்று சொன்னபோது அவள் குரல் உடைந்ததை அவன் கேட்டான். இல்லாத ஒரு விரிசலுக்காக அவள் லீவு கேட்பாள், பஸ் பிடிப்பாள், வழியெல்லாம் அப்பா கிழிபட்டுக் கிடப்பது போல நினைத்துக்கொண்டே வருவாள். வந்து பெல்ட்டை விரலால் தடவிப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளை ஏமாற்ற முடியாது. டக் என்ற ஒரு சத்தத்தில் இவ்வளவு கேட்டவள்.

அசல் பதிவைத் திறந்தான். செருமலில் ஆரம்பித்து 'சாப்ட்டியா' வரை, நடுவில் எதையும் தொடாமல், முன்னையும் பின்னையும் மட்டும் நறுக்கினான். மங்கவைக்கவில்லை, ஓரத்தைச் சரிசெய்யவில்லை. 'ஏசியில உக்காந்து', 'தலைமுழுகுங்க', சிரிப்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அதன் அடியில் கம்பங்கள் ஒரே தூரத்தில் போய்க்கொண்டே இருந்தன. அனுப்பினான். கீழே எழுதினான்: 'பெல்ட்டுக்கு ஒண்ணும் இல்லக்கா. முன்னாடி அனுப்பினதுல நான் நடுவுல வெட்டிட்டேன். அதான் எக்ஸ்ட்ரா டக். இதுதான் முழுசு. நடுவுல பேசறது நான்தான்.' கடைசி வாக்கியத்தை அழித்தான். மறுபடி எழுதினான். அனுப்பினான்.

ஒரு டிக். அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பல்லி அவனைப் பார்த்து, "கத்திரிங்கற பேரை மாத்திடலாம்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்துப் போன் அடித்தது. அப்பா.

"டேய்."

"சொல்லுங்கப்பா."

"பாப்பா பேசினா."

"ம்."

"மெஷினை நிறுத்துங்கன்னா. நிறுத்திட்டேன். அந்தப் பக்கம் நிக்காதீங்கன்னா. தள்ளி நின்னேன். அப்புறமும் திட்டினா." அப்பாவின் குரலில் அடிபட்டவரின் வருத்தம் சிறிதும் இல்லை. விருது வாங்கியவர் போல இருந்தது. "நல்லா திட்டினாடா."

"அப்பா, பெல்ட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கழட்டி, முழுக்கத் தடவிப் பாத்துட்டேன். ஒரு கீறல் இல்லை. அவ அடிச்ச ஜாயிண்ட் கல்லு மாதிரி இருக்கு."

"அவகிட்ட சொன்னீங்களா?"

 "நான் எதுக்குச் சொல்லணும். அவதான் ஆபரேட்டர். அவ வந்து பாத்துச் சொல்லட்டும். நீயும் வாயைத் திறக்காத."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "நான் சொல்லிட்டேம்ப்பா. இப்பதான். பெல்ட் நல்லாத்தான் இருக்கு, நான் வெட்டினதாலதான் அப்படிக் கேட்டுச்சுன்னு எழுதிட்டேன். நீங்க பேசினது முழுசையும் அனுப்பிட்டேன். நடுவுல நான் சொன்னதையும் சேத்து."

"எது, தலைமுழுகறதையா?"

"ஆமா."

"அட கூமுட்டை" என்றார் அப்பா. கோபமாக இல்லை. பிறகு, "நான் தப்புன்னு சொன்னதை மொதல்ல வெட்டியிருந்தியா?"

"ஆமாப்பா."

மறுமுனையில் எதுவும் இல்லை. அவன் காத்திருந்தான். காத்திருக்கும்போதுதான் கவனித்தான், மறுமுனையில் நிஜமாகவே எதுவும் இல்லை. இரைச்சல் இல்லை, டக் இல்லை. அப்பாவின் மூச்சு மட்டும் பக்கத்தில் இருப்பது போலக் கேட்டது. பிறந்ததிலிருந்து அப்பாவோடு பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோயிருந்தது. காது அடுத்த டக்குக்காக, படியேறுபவன் போலக் கால் தூக்கி நின்றது. படி இல்லை.

"பாப்பா என்ன சொன்னா, படிச்சிட்டு?"

"அவ இன்னும் பாக்கலைப்பா."

"சரி." தூரத்தில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம். ஷட்டர் கொஞ்சம் தூக்கப்படுகிறது. யாரோ அப்பாவிடம் பேசுகிறார், ஓட்டிக் காட்டுங்க, பார்த்துட்டுப் போயிடறேன் என்கிறார். அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து அவரிடம் ஏதோ சொல்கிறார். திரும்பவும் போனுக்கு வருகிறார்.

"வாங்கறவர் வந்திருக்காரு."

"ஓட்டிக் காட்டுங்கப்பா. பெல்ட்தான் நல்லா இருக்கே."

"எப்படிடா ஓட்டறது. அவ ஓட்டாதீங்கன்னு சொல்லியிருக்கா."

"அது பெல்ட் போச்சுன்னு நினைச்சு சொன்னதுப்பா."

"எதை நினைச்சு சொன்னாளோ. சொல்லியிருக்கா இல்ல. அவளே ஓட்டுங்கன்னா ஓட்டறேன்."

அதற்குப் பிறகு, வழக்கம் போல, போன் தொட்டி விளிம்பில் வைக்கப்படும் மரச் சத்தம். காலடிகள் தள்ளிப் போயின. வாங்க வந்தவர் ஒரு மூட்டையை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம். அப்பா உள்ளங்கைகளைத் தட்டிக்கொண்டார், மாவு உதிர.  மேலே தகரத்தில் ஏதோ பறவை நடந்தது கூடக் கேட்டது.

அவன் போனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, முழங்காலில் வைத்துக்கொண்டான். பதிவாகிக்கொண்டிருப்பதைக் காட்டும் சிவப்புப் புள்ளி மினுங்கியது. பல்லி மூலையை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கத்திரி திரையில் அக்காவின் பெயரைத் திறந்தான். இரண்டு டிக். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நீலமாயின. அவள் பெயருக்குக் கீழே 'எழுதுகிறார்' என்று வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. ஓடாத மில் போனுக்குள் திறந்தே கிடந்தது.